ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் ஒரு லிட்டர் டீசலா?

உங்கள் போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒரு டிரம்மில் பிளாஸ்டிக் கவர்களைப் போட்டு மூடுவார்கள், அடியில் நெருப்பு எரியும், குழாய் வழியே எண்ணெய் சொட்டும். "ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் டீசல்" என்று குரல் சொல்லும். எண்ணெய் வருவது பொய்யில்லை. கணக்கில்தான் விஷயம் இருக்கு.

காற்று புகாத கலனில் பிளாஸ்டிக்கை 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அதன் நீண்ட மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடையும். வெளிவரும் ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். குளிராதது வாயு. அடியில் தங்குவது கரி. இதற்குப் பெயர் பைராலிசிஸ்.

சரி, இப்போ நூறு கிலோ வீட்டுக் குப்பை பிளாஸ்டிக்கை எடுத்துக்குவோம். எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான். மண், ஈரம், ஒட்டிய சாம்பார் என 20 கிலோ போய்விடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 10 கிலோ இருக்கலாம். அது எண்ணெயை அதிகம் தராது, குழாயை அடைக்கும் தூளைத் தரும். அதை எடுத்துடணும். பிவிசி 2 கிலோ இருந்தால் அதையும். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடானதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறி இயந்திரத்தையே அரிக்கும், டையாக்சின் உருவாகவும் வழி செய்யும். மிச்சம் 68 கிலோ, கவரும் டப்பாவும். நல்ல ஆலையில் இதில் எழுபது சதவீதம் எண்ணெயானால் சுமார் 48 கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால், அது 60 லிட்டர்.

அந்த அறுபதும் டீசல் இல்லைங்க. பெட்ரோல் போன்றது, டீசல் போன்றது, மெழுகு எல்லாம் கலந்த குழம்பு. காய்ச்சி வடித்துச் சுத்திகரிக்காமல் வண்டியில் ஊற்றினால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

புகை விஷயத்துக்கு வருவோம். வாயுவை அதே உலைக்கு எரிபொருளாக்கி, புகையை வடிகட்டினால் நல்ல ஆலை. டிரம்மும் விறகும் மட்டும் என்றால், கசியும் ஆவி தீப்பிடிக்கும். உள்ளே காற்று புகுந்தால் வெடிக்கும். கரியில் சாயங்களின் உலோகங்கள் தங்கியிருக்கலாம்; தோட்டத்தில் கொட்டக் கூடாது. ஒழுங்கான ஆலையிலும் ஒன்று மாறாது: அந்த எண்ணெயை எரித்தால், கிலோவுக்குச் சுமார் மூன்று கிலோ கார்பன் டையாக்சைடு வரும். பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெயை எரிப்பது போலத்தான்.

அப்போ இது மறுசுழற்சியா? நம் நாட்டில் 2022-ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிமுறைகள், பிளாஸ்டிக்கை எண்ணெயாக்குவதை மறுசுழற்சியில் சேர்க்கவில்லை. சாலை போடுவது, சிமெண்ட் உலை இவற்றோடு "ஆயுள் முடிந்த அகற்றல்" என்ற பிரிவில் வைத்திருக்கின்றன; அதுவும் மறுசுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்குக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் எரிபொருளாக்குவதை மறுசுழற்சியாக ஏற்பதில்லை. அதே எண்ணெய் பெட்ரோகெமிக்கல் ஆலைக்குப் போய்த் திரும்பவும் பிளாஸ்டிக்காக வந்தால், அந்தப் பங்கை மட்டும் மறுசுழற்சி என்று சொல்வது நியாயம்.

உங்க ஊரில் யாராவது இப்படி ஆலை வைப்பதாக வந்தால் மூன்றைக் கேளுங்கள். கழுவாத குப்பையின் எடையில் எவ்வளவு எண்ணெய்? எண்ணெயை வாங்குவது யார், எரிக்கவா, பிளாஸ்டிக் செய்யவா? மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எங்கே? பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் அந்த மூட்டையில் போடாதீங்க. சுத்தமாக இருந்தால் பழைய பொருள் கடைக்காரரே அதற்குக் காசு கொடுப்பார்.