போடி ஏலக்காயும் டொரன்டோ கடிகாரமும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் ஒருவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மதுரையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் டொரன்டோவிலும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் காய்களைத் தரம் பிரிக்கும் வீடியோவை எப்போது போடுவது?

இரவு 7.30க்குப் போட்டால் நம்மூரில் ஓய்வு நேரம். துபாயில் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10. ஆனால் டொரன்டோவில் குளிர்காலத்தில் காலை 9, வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்காக நம் காலை 6.30க்கு இன்னொரு பதிவு போடலாம். அங்கே முந்தைய நாள் இரவு 8 மணி.

டொரன்டோவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் திருப்பி வைப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் நம் காலை 6.30 அங்கே இரவு 9. ஆகவே அப்போது 5.30க்கே போடுங்கள்.

எந்த ஊருக்கு முன்னுரிமை என்று முடிவு செய்ய, விருப்பக்குறிகளைவிட பார்சல் முகவரிகளைப் பாருங்கள். ஆர்டர் வரும் ஊரின் நேரமே முதலில் கவனிக்க வேண்டியது.