எட்டாம் ஆண்டில் வந்த கதை

குரும்பகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டம் பெற்றிருக்கும் இளையோரே, உங்களில் பலர் படிப்பை முடித்த கையோடு ஒரு சேனலையோ சிறு பத்திரிகையையோ தொடங்கியிருக்கிறீர்கள், அல்லது தொடங்கப்போகிறீர்கள். முதல் சில ஆண்டுகளில் பார்ப்பவரும் படிப்பவரும் மிகக் குறைவாகவே இருப்பார்கள். அந்த ஆண்டுகளைக் கடப்பது மனவுறுதியின் கேள்வி என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது கணக்கின் கேள்வி என்பது என் கருத்து. ஒவ்வொரு படைப்புக்கும் ஆகும் செலவு, எத்தனை நாளுக்கு ஒன்று என்கிற இடைவெளி, எதை வைத்து வளர்ச்சியை அளக்கிறோம் என்பது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே சரியாக வைத்துக்கொண்டவர்கள் நிலைக்கிறார்கள். மனவுறுதியை மட்டும் நம்பியவர்கள், அது தளரும் நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்குத் தமிழில் நன்றாகப் பதிவாகியிருக்கும் ஒரு சான்று உண்டு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையிலிருந்து ‘எழுத்து’ என்ற மாத இதழைத் தொடங்கினார். வாரப் பத்திரிகைகள் தொடர்கதைகளால் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவரோ இலக்கிய விமர்சனத்துக்கென்று ஓர் இதழ் நடத்தத் துணிந்தார். இதழ் சந்தாதாரர்களுக்குத்தான், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே ஓர் எல்லையும் விதித்துக்கொண்டார். அந்த எல்லையை இதழ் ஒருநாளும் நெருங்கவில்லை. ஆனாலும் அந்த எல்லையில் ஒரு தெளிவு இருந்தது. யாருக்காக நடத்துகிறோம், அவர்கள் தோராயமாக எத்தனை பேர் என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். அதனால் லட்சம் பேர் வாங்கவில்லையே என்ற ஏமாற்றத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

‘எழுத்து’ 1970இல் நின்றபோது மொத்தம் 119 இதழ்கள் வந்திருந்தன. தவறாமல் மாதந்தோறும் வந்திருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்க வேண்டும். குறைந்ததற்குக் காரணம், கடைசிக் கட்டத்தில் அது காலாண்டிதழாக மாறியது. இதைத் தோல்வியின் தொடக்கம் என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் ஒன்று தாங்காது என்றானபோது அவர் இதழை மூடிவிடவில்லை, இடைவெளியைக் கூட்டினார். வேகத்தைக் குறைத்து வேலையைக் காப்பாற்றினார். நம் காலத்துப் படைப்பாளர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். தினம் ஒரு காணொளி என்று அறிவித்துத் தொடங்குகிறார்கள். நான்காம் வாரத்தில் ஒரு நாள் தவறுகிறது. தவறியதை ஈடுகட்ட அடுத்த நாள் இரண்டு போடுகிறார்கள். இரண்டாம் மாதம் சேனல் மௌனமாகிவிடுகிறது. அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் போகவில்லை, இடைவெளியைத் தவறாகத் தேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த 119 இதழ்களால் என்ன விளைந்தது? விமர்சனத்துக்காகத் தொடங்கிய இதழ், இன்று முதன்மையாகப் புதுக்கவிதைக்காக நினைக்கப்படுகிறது. கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி 1934 வாக்கிலேயே யாப்பை விட்டு விலகிக் கவிதை எழுதிப் பார்த்தவர். பிறகு நீண்ட காலம் அந்த முயற்சி கிடப்பில் கிடந்தது. செல்லப்பா தம் தொடக்க இதழ்களிலேயே அவருடைய ‘பெட்டிக்கடை நாரண’னை மறுபடி வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் இப்படியும் எழுதலாம் என்று கண்டுகொண்டார்கள். திருகோணமலையிலிருந்து இளம் வயதிலேயே தருமு சிவராமு எழுதினார். எஸ். வைத்தீஸ்வரன், சி. மணி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எனப் பலர் வந்து சேர்ந்தார்கள். 1962இல், இதழ் தொடங்கி நான்காம் ஆண்டில், 24 பேரின் 63 கவிதைகளைத் தேர்ந்து ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பை எழுத்து பிரசுரம் கொண்டுவந்தது. முதல் இதழ் அச்சான நாளில் இந்தத் தொகுப்பு செல்லப்பாவின் திட்டத்திலேயே இருந்திருக்க முடியாது. அன்று அந்தக் கவிதைகளில் பல எழுதப்படவே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புஞ்சை என்ற ஊரைச் சேர்ந்தவர் ந. முத்துசாமி. பின்னாளில் கூத்துப்பட்டறையை நிறுவி, தமிழ் நவீன நாடகத்தின் பெரிய பெயர்களுள் ஒருவரானவர். 1966இல் அவருடைய முதல் சிறுகதையை ‘எழுத்து’ வெளியிட்டது. அப்போது இதழுக்கு எட்டாம் ஆண்டு. சந்தா பெருகவில்லையே என்று செல்லப்பா மூன்றாம் ஆண்டில் நிறுத்தியிருந்தால், அந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்த யாரும் அந்த முடிவில் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் புஞ்சையிலிருந்து வந்த கதைக்கு அந்த இதழில் பக்கம் இருந்திருக்காது. தொடர்ச்சியின் முதல் பயன், நாம் அறியாத ஒருவர் வந்து சேரும் நாளில் இடம் திறந்திருப்பது. அந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. ஆகையால்தான் இடைவெளி நீண்டாலும் கதவை மூடக்கூடாது என்கிறேன்.

இதற்கு உடனே எழும் மறுப்பு எனக்குத் தெரியும். அது அச்சுக் காலம், இன்று யூடியூப் அடிக்கடி போடுபவர்களைத்தானே தூக்கிவிடுகிறது என்பீர்கள். விளம்பர வருமானத்துக்கு அந்த நிறுவனம் கேட்பதைப் பார்ப்போம். 1000 சந்தாதாரர்கள், அதோடு கடந்த 365 நாட்களில் 4000 மணி நேரப் பார்வை. குறுங்காணொளி வழியாகப் போவோருக்கு 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வை என்று வேறு அளவு உண்டு. குறுங்காணொளி ஓடையில் கிடைக்கும் நேரம் அந்த 4000 மணியில் சேராது. தினமும் போட வேண்டும் என்று இந்த நிபந்தனையில் எங்கும் இல்லை. இப்போது நம் ஊர் அளவில் ஒரு கணக்குப் போடுங்கள். வாரம் ஒரு காணொளி, ஆண்டுக்கு 52. ஒவ்வொன்றையும் 150 பேர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காணொளிக்கு 450 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரம். ஆண்டு முழுக்க 390 மணி. தேவையானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் தவறும் செய்யாத ஒரு சிறிய சேனலின் முதல் ஆண்டு இப்படித்தான் இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்க்காதவர் இதைத் தம் திறமையின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்.

அந்த 365 நாள் விதியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நேற்று வரையிலான ஓராண்டுதான் எப்போதும் கணக்கு. அதற்கு முந்தைய மணி நேரங்கள் ஒவ்வொரு நாளும் கழன்று விழுகின்றன. மூன்று மாதம் வெறிகொண்டு உழைத்து ஒன்பது மாதம் ஓய்ந்தவருக்குச் சேர்த்தது கரைந்துவிடும். ஆனால் பழைய காணொளி ஒன்றை இந்த ஆண்டு யாராவது பார்த்தால் அந்த நேரம் இந்த ஆண்டின் கணக்கில்தான் சேரும். ஆகவே எத்தனை போட்டோம் என்பதோடு, போட்டவற்றில் எத்தனை மறு ஆண்டும் தேடப்படும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. காரைக்காலின் மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் ஆனியில் வருகிறது. எந்த நாளில் என்ன நடக்கும், வெளியூரிலிருந்து வருபவர் எங்கே இறங்குவது என்று தெளிவாகச் சொல்லும் காணொளி ஒவ்வோர் ஆனியிலும் உயிர்பெறும். கடைமடைச் சம்பா வயலில் ஐப்பசி மழைக்குப் பின் தேங்கிய நீரை எப்படி வடிப்பது, பயிரின் நிறத்தில் எதைக் கவனிப்பது என்று அனுபவமுள்ள ஒரு விவசாயியிடம் கேட்டுப் பதிந்தால், அடுத்த மழையிலும் அதற்கு வேலை இருக்கும். நேற்றைய பரபரப்பைப் பற்றிய காணொளிக்கு அந்த இரண்டாம் ஆண்டு கிடையாது. மெதுவாகச் செய்பவருக்கு இது பெரிய உதவி.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. செல்லப்பாவை நினைக்கிறோம், அவரைப் போலவே நடத்தி, ஒன்றும் விளையாமல் போனவர்களை யார் நினைக்கிறார்கள்? இது நியாயமான கேள்வி. தொடர்ந்து செய்தால் வெற்றி நிச்சயம் என்று இந்த மேடையிலிருந்து சொன்னால் அது பொய்யாகும். நீண்ட ஆயுள்தான் மதிப்பு என்பதும் உண்மையில்லை. 1968இல் சி. மணி சேலத்திலிருந்து தொடங்கிய ‘நடை’ 8 இதழ்களோடு முடிந்தது. அந்த எட்டுக்குள் முத்துசாமியின் நாடகத்துக்கு இடம் கிடைத்தது. தமிழ்ச் சிறுபத்திரிகை வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் ‘நடை’யின் எழுத்தாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். சி. மணியும் முத்துசாமியும் ‘எழுத்’தில் எழுதியவர்கள். நீண்டு நின்ற ஓர் இதழ் கொடுத்த இடம்தான் குறுகிய ஓர் இதழைச் செறிவாக்கியது.

அப்படியானால் நிறுத்துவதா தொடர்வதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எண்ணிக்கை முதல் மூன்று ஆண்டுகளில் எதையும் சொல்லாது. அது மிகச் சிறியது. வேறு இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திரும்பி வருகிறாரா? உறவினரும் வகுப்புத் தோழரும் இதில் சேரமாட்டார்கள். அடுத்து, உங்கள் இந்த ஆண்டு வேலையையும் சென்ற ஆண்டு வேலையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறதா? ஒலி தெளிவாகியிருக்கிறதா, கேள்விகள் கூர்மையாகியிருக்கின்றனவா, தேவையில்லாத முன்னுரை குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்பதே பதில் என்றால், அதே வேலையை இன்னும் அடிக்கடி செய்வதால் ஒன்றும் மாறாது. பொருளையோ வடிவத்தையோ மாற்றுங்கள், அல்லது கௌரவமாக நிறுத்துங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்லப்பா புத்தகக் கட்டுகளைச் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். அந்த வறுமையை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சம்பளத்துக்கு ஒரு வேலை இருக்கட்டும். கடன் வாங்கிக் கேமரா வாங்காதீர்கள். மாதத் தவணை தொடங்கிவிட்டால், பத்து ஆண்டு பொறுக்க வேண்டிய வேலை பத்து மாதத்தில் பணம் தர வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிடும். கையிலிருக்கும் போனும் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு மைக்கும் முதல் ஆண்டுக்குப் போதும். வீட்டில் அறுவடை இருந்தால் தை மாதத்தில் புதிதாக எதுவும் வராது என்று பார்ப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு எடுக்கும் ஓய்வு தொடர்ச்சியை முறிக்காது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும், அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு உங்களால் எந்த இடைவெளியில் தாங்க முடியும் என்பதை யோசித்து, முதலில் தோன்றியதைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தேதிகளை எழுதி வையுங்கள். அந்தத் தேதிகளில் ஒன்றையாவது உங்களுடையது அல்லாத ஒரு படைப்புக்கு ஒதுக்குங்கள். நெடுங்காட்டிலோ திருநள்ளாற்றிலோ இதுவரை யாரும் இடம் கொடுக்காத ஒருவருடையதாக அது இருக்கட்டும்.