கல் யாரை நோக்கி வருகிறது?

(திரைப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறும்படம் எடுக்கிற நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். முதல் காட்சியில் வந்த ஒன்றைக் கடைசிக் காட்சியில் திரும்பக் கொண்டுவருவது இப்போது ஏறக்குறைய ஒரு பழக்கமாகிவிட்டது. கதவு திறக்கும், கடைசியில் கதவு மூடும். பார்ப்பவர்களும் கைதட்டுவார்கள். நான் பேச வந்தது இந்த வட்ட அமைப்பைப் பற்றித்தான். அது எப்போது அர்த்தத்தைக் கூட்டுகிறது, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதை ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நாகராஜ் மஞ்சுளே 2013-இல் எடுத்த மராத்திப் படம் 'ஃபன்றி'.

வட்ட அமைப்பு புதிய சரக்கு அல்ல. நம்மிடம் அந்தாதி இருக்கிறது. நூறு பாட்டு பாடி, கடைசிப் பாட்டின் முடிவை முதல் பாட்டின் தொடக்கச் சொல்லில் கொண்டுவந்து இணைப்பார்கள். மண்டலித்து முடிப்பது என்பார்கள் அதை. மேரி டக்ளஸ் என்ற பிரிட்டன் மானுடவியலாளர் பழைய வேத நூல்களிலும் காவியங்களிலும் உள்ள இந்த அமைப்பைப் பற்றி 2007-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்வதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். தொடக்கமும் முடிவும் ஒத்திருந்தால் மட்டும் போதாது, நடுப்பகுதி அந்த இரண்டோடும் பேச வேண்டும். வட்டத்தின் பொருள் நடுவில்தான் இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். ஜாப்யா பதின்வயதுப் பையன். கைக்காடி சாதி. ஊரில் பன்றி பிடிப்பது, கூடை முடைவது, சொன்ன வேலையைச் செய்வது அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. படம் தொடங்கும்போது அவன் கையில் உண்டிவில்லோடு ஊருக்கு வெளியே வறண்ட காட்டில் அலைகிறான். நீண்ட வால் கொண்ட கருப்புக் குருவி ஒன்றைத் தேடுகிறான். அந்தக் குருவியை எரித்துச் சாம்பலை ஒரு பெண் மேல் தூவினால் அவள் தன்னை விரும்புவாள் என்று நம்புகிறான். அந்தப் பெண் ஷாலு, கூடப் படிக்கிறவள், ஆதிக்க சாதி. படம் முழுக்க அந்தக் குருவி அவன் கைக்குச் சிக்குவதில்லை.

இந்த முதல் காட்சியில் பார்வையாளர்களாகிய நாம் எங்கே இருக்கிறோம் என்று கவனியுங்கள். ஜாப்யாவின் பக்கம் இருக்கிறோம். அவன் குறிபார்க்கிற இடத்தை நாமும் பார்க்கிறோம். குருவி மாட்டவேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. கல் நம் கண்ணிலிருந்து விலகி அந்தப் பக்கம் போகிற பொருளாக இருக்கிறது.

அடுத்து தலைப்பு. 'ஃபன்றி' என்பது மராத்திச் சொல் அல்ல. மராத்தியில் பன்றிக்கு டுக்கர் என்று பெயர். ஃபன்றி கைக்காடி மொழிச் சொல். அந்த மொழி திராவிட மொழி, தமிழுக்கு நெருங்கிய உறவு. சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஃபன்றி. பன்றி. நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனால் மகாராஷ்டிரத்தில் அரங்குக்கு வந்த பெரும்பாலானவர்களுக்கு அது பொருள் தெரியாத ஒரு ஓசை. படம் தொடங்கும்போது தலைப்பு அவர்களிடம் எதையும் சொல்லாது. பார்க்கப் பார்க்கத்தான் அது பன்றி என்றும், அந்தக் குடும்பத்தின் வீட்டுமொழி என்றும், ஊர் அதே சொல்லை எடுத்து அந்தக் குடும்பத்தின் மேல் வசையாக எறிகிறது என்றும் புரிகிறது. ஆக, தலைப்பே எறியப்பட்ட ஒரு கல். வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல்லைப் பிடுங்கி, அதனாலேயே அடிக்கிறார்கள். தாய்மொழிக்கு இது நேர்வதைப் பற்றி நம் மொழிப்பற்றாளர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நடுப்பகுதியில்தான் வட்டம் உருவாகிறது. ஊர்த் திருவிழாவில் ஆட்டம் போட ஆசைப்படும் ஜாப்யாவை விளக்கு தூக்க வைக்கிறார்கள். அந்தத் திருவிழாவில் பன்றி புகுந்து பல்லக்கைத் தீட்டாக்கிவிட்டதாம், பன்றிகளைப் பிடி என்று அப்பா கச்ருவுக்கு உத்தரவு வருகிறது. மறுநாள் பள்ளிக்குப் பக்கத்திலேயே குடும்பம் முழுக்கப் பன்றியை விரட்டுகிறது. ஊர் சுற்றி நின்று கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதுபோலச் சிரிக்கிறது. வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஷாலுவும் பார்க்கிறாள். பன்றி கைக்கு எட்டும் நேரத்தில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. ஜாப்யா அசையாமல் நின்றுவிடுகிறான். கச்ருவும் நிற்கவேண்டியதாகிறது. பன்றி நிற்குமா? ஓடிவிடுகிறது. நாம் அரங்கில் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியை மஞ்சுளே மிக நீளமாக வைத்திருக்கிறார். இழுவை என்று சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த நீளம் அவசியம் என்றே படுகிறது. நீளம் கூடக்கூட, ஜாப்யாவின் பக்கத்திலிருந்த நாம் மெல்ல வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். யாரும் நம்மைத் தள்ளவில்லை, சிரித்தபடி நாமே நடந்து போனோம்.

பிறகு பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னால் சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாய் புலேவும் ஓவியங்களாக இருக்கிறார்கள். இளைஞர்கள் கேலி செய்தபடி பின்தொடர்கிறார்கள், அக்காவைச் சீண்டுகிறார்கள். ஜாப்யா கல்லெடுத்து எறியத் தொடங்குகிறான். கடைசிக் கல் கேமராவை நோக்கி வருகிறது. திரை இருள்கிறது.

அதே பையன், அதே கை, அதே கல். மாறியது குறி மட்டும். முதல் காட்சியில் குருவி இருந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். நடுவிலிருக்கும் பன்றி வேட்டையை வெட்டி எடுத்துவிட்டு இந்த இரண்டு காட்சிகளையும் ஒட்டிப் பாருங்கள். கோபக்காரப் பையன் ஒருவன் காரணமில்லாமல் நம்மேல் கல்லெறிவதாக இருக்கும். நான் குறும்படங்களில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை இதுதான். நடுவை நீக்கிய பிறகும் உங்கள் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் அதே அர்த்தத்தைத் தருகிறதென்றால், அந்த வட்டம் ஜோடனை.

இன்னொரு ஆபத்தும் இந்த அமைப்பில் உண்டு. சாதியைப் பற்றிய படத்தில் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால், எதுவும் மாறாது, விதி என்று ஆகிவிடும். ஒடுக்கப்பட்டவரின் கதையை அப்படி மூடிவிட்டுக் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பும் படங்கள் நிறைய. மஞ்சுளே வட்டத்தை மூடாமல் விடுகிறார். கல் விழுந்த இடத்தை அவர் காட்டவே இல்லை.

மாரி செல்வராஜ் 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் இதை வேறு மாதிரி கையாண்டார். தொடக்கத்தில் கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறார்கள். முடிவுக்கு அருகில் பரியனையே தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள், கருப்பி வந்து அவனை எழுப்புகிறது. வட்டம் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் படம் அங்கே முடியவில்லை. அதன்பிறகு ஒரு காட்சி, பரியனும் ஜோவின் அப்பாவும் பேசுகிறார்கள், இரண்டு தேநீர் குவளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழிவாங்கலோடு வட்டத்தை மூடியிருந்தால் அரங்கம் விசிலடித்திருக்கும். இவர் வட்டத்துக்கு வெளியே ஒரு காட்சியை வைத்து, நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்று எதிரில் இருப்பவரிடமே பேச வைத்தார். குதிரையேறும் கடவுளின் பெயரைத் தாங்கிய ஒருவனை நாயாக நடத்திய ஊரில், அந்தப் பெயர் அப்போதுதான் அவனுக்குப் பொருந்துகிறது.

'ஃபன்றி'யில் பேச்சுக்கு இடமில்லை. ஜாப்யாவிடம் யாரும் வந்து உட்கார்ந்து பேசவும் இல்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அந்தத் தேசிய கீதக் காட்சியில் சிரித்தவர்கள் முதலில் கேட்கலாம்.