கார்கிலை எந்தக் கணக்கில் எழுதுவது?

மக்களாட்சி நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்று ஒரு கோட்பாடு உண்டு. 1795-இல் இமானுவேல் காண்ட் இதற்கு வித்திட்டார். போரில் பணத்தையும் பிள்ளையையும் இழக்கப்போகிற குடிமக்களிடமே சம்மதம் கேட்டால், அவர்கள் சட்டென்று தலையாட்ட மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1983-இல் மைக்கேல் டாய்ல், நவீன காலப் போர்களை எடுத்துப் பார்த்து, தாராளவாத மக்களாட்சிகள் ஒன்றோடொன்று மோதியதில்லை என்று எழுதினார். இன்றுவரை இதுவே கோட்பாட்டின் பெரிய பலம்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு சோதனை வந்தது. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் எல்லை தாண்டிப் போனார். வரவேற்ற நவாஸ் ஷெரீப், 1997 தேர்தலில் பெருவெற்றி கண்ட பிரதமர். மே மாதம் பார்த்தால், கார்கில் சிகரங்களில் பாகிஸ்தான் படை. களத்தில் ஆயிரம் வீரர்கள் மாண்டால் போர் என்பது ஆய்வாளர்களின் அளவு. கார்கில் அதைத் தாண்டியது.

அப்படியானால் கோட்பாடு பொய்யா? ஆதரவாளர்கள் காண்டின் கேள்விக்கே திரும்புகிறார்கள்: சம்மதம் யாரிடம் கேட்டார்கள்? திட்டம் போட்டது ராணுவத் தலைமைத் தளபதி முஷாரஃபும் சில தளபதிகளும். தனக்கு முழு விவரம் சொல்லப்படவில்லை என்றார் ஷெரீப். மலையில் இருப்பவர்கள் முஜாஹிதீன்கள் என்றே பாகிஸ்தான் சொல்லிவந்ததால், இறந்த தன் வீரர்கள் பலரின் உடலைக்கூட அது ஏற்கவில்லை. இந்திய ராணுவம்தான் அவர்களை அடக்கம் செய்தது. இழப்பு எவ்வளவு என்றே அந்த மக்களுக்குக் காட்டப்படவில்லை.

ஆனால் இந்தப் பக்கம் இழப்பு கண்ணெதிரே தெரிந்தது. மே இறுதியில் பட்டாலிக்கில் வீழ்ந்த மேஜர் சரவணனின் உடல், ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் திருச்சிக்கு வந்தது. அந்தத் துயரம் போரை நிறுத்தச் சொல்லவில்லை, உறுதியைத்தான் கூட்டியது. காண்டின் வாதம் இங்கே தடுமாறுகிறது என்றே நான் நினைக்கிறேன். இந்தியா கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டாமல் நின்றதற்கும், முந்தைய ஆண்டு இரு நாடும் நடத்திய அணுகுண்டுச் சோதனை ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது அடக்கி வைத்தது மக்களாட்சியா, அச்சமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதைப் பற்றிக் கருத்தரங்கில் பேசப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நாடுகளுக்கு மக்களாட்சி மதிப்பெண் தரும் பாலிட்டி தரவுத்தொகுப்பு, டிசம்பர் 31 அன்றுள்ள நிலையைத்தான் அந்த ஆண்டின் பெயரில் எழுதும். அக்டோபர் 12-இல் முஷாரஃப் ஆட்சியைப் பிடித்தார். அதனால் 1999-க்கான வரியில் பாகிஸ்தான் ராணுவ ஆட்சியாகிவிடுகிறது. கார்கிலும் கோட்பாட்டை மறுக்கும் சான்றாகத் தெரியாமல் போகிறது. 1998-இன் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால், அதே போர் இரு மக்களாட்சிகளின் போர். போர் மூள்வதற்கு முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணையே எடுங்கள்.