வாயிற்பதிவேடும் வீட்டு வேலைத் தொழிலாளியும்
(எல்லையோரக் கிராமத் தொழிலாளரிடையே பணியாற்றும் தோழர்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் விடியற்காலை ரயில் ஏறித் திருவனந்தபுரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் பலருக்குத் தமிழே வீட்டுமொழி. அவர்கள் வேலை செய்யும் குடியிருப்புகளின் வாயிலில் அண்மைக் காலமாக ஓர் அறிவிப்பு தொங்குகிறது. வீட்டு வேலையாட்களும் பொருள் விநியோகிக்க வருவோரும் பெயர், கைப்பேசி எண், புகைப்படம், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; பதிவில்லாதோர் உள்ளே அனுமதிக்கப்படமாட்டார். ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் இந்த வாசகம்தான். மொழி ஆங்கிலமாகவோ மலையாளமாகவோ இருக்கும். தமிழில் இருப்பது அரிது.

இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று மட்டும் கொண்டு விட்டுவிடவும் கூடாது. பதிவே கூடாது என்று கூச்சலிடுவதும் பயன்தராது. குடியிருப்போர் சங்கத்திற்குத் தன் வளாகத்துள் யார் வருகிறார் என்று அறியும் உரிமை உண்டு. அந்தப் பதிவு யாருடைய கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாறசாலையை அடுத்த ஊரிலிருந்து வரும் ஒரு பெண் ஒரே வளாகத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார் என்று கொள்வோம். காலை 7.10க்கு வாயிலை அடைகிறார். வரிசையில் நின்று, காவலாளியின் கைப்பேசிச் செயலியில் எண்ணைச் சொல்லி, பையைத் திறந்து காட்டி, 7.25க்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவர் நுழைந்த செய்தி அதற்குள் மூன்று வீட்டாரின் கைப்பேசிக்கும் போய்விடுகிறது. மாத இறுதியில் செயலி காட்டும் வருகைக் கணக்கைப் பார்த்து, வராத நாள்களுக்குச் சம்பளம் பிடிப்பது எளிதாகிறது. ஆனால் வாயிலில் நின்ற பதினைந்து நிமிடம் யாருடைய கணக்கிலும் இல்லை. ஒப்புக்கொண்ட இரண்டு மணி நேர வேலை மூன்று மணி நேரமாக நீண்டதும் அதே பதிவில் இருக்கிறது. அதை அவரால் எடுத்துப் பார்க்க முடியாது. உழைப்பு நேரத்துக்கான சான்று உழைத்தவரிடம் மட்டும் இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் வர்க்கத் தன்மை.

இதைவிடக் கடுமையானது வேறொன்று. முன்பு ஒரு வீட்டில் மனத்தாங்கல் என்றால் அந்த வீட்டு வேலை போகும். மற்ற இரண்டு வீடுகள் இருக்கும். இப்போது பதிவு வளாகம் முழுமைக்கும் ஒன்று. ஒரு வீட்டார் புகார் சொன்னால், காவலாளியின் திரையில் அவர் பெயருக்கு எதிரே தடை விழுகிறது. மூன்று வீட்டு வேலையும் ஒரே காலையில் போய்விடுகின்றன. குற்றச்சாட்டு என்னவென்று எழுத்தில் கிடையாது. விளக்கம் கேட்பவரும் கிடையாது. ஊதியம் உயர்த்திக் கேட்பதற்கு முன் எவரும் இருமுறை யோசிப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை.

வாயிலின் அதிகாரம் எதுவரை நீளும் என்பதற்கு நொய்டாவில் 2017 ஜூலையில் நடந்தது போதிய சான்று. செக்டர் 78இல் உள்ள ஒரு பெரிய குடியிருப்பில் வேலைக்குச் சென்ற பெண் இரவு வீடு திரும்பவில்லை. அவர் அடைத்துவைக்கப்பட்டார் என்றது குடும்பம்; அவர் திருடினார் என்றது வேலையளித்த வீடு. மறுநாள் காலை அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகள் திரண்டு வந்தனர், கல்வீச்சு நடந்தது. கைதானவர்கள் குடிசைப் பகுதி ஆண்கள் பதின்மூவர். மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த அந்த மக்களை 'வங்கதேசிகள்' என்று முத்திரை குத்தி, வாயிலில் நிறுத்தவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. வாயிலில் கேட்கப்படும் அடையாள அட்டை குடியுரிமைச் சோதனையாக மாறுவதற்கு நெடுநாள் பிடிக்கவில்லை.

பொருள் விநியோகிக்கும் இளைஞர்களின் நிலை வேறு வகையானது. அவர்கள் ஒரு நாளில் பல வாயில்களைக் கடக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கழியும் நிமிடங்கள் தாமதமாக அவர்கள் தலையில் விழுகின்றன. நிறுவனமோ குடியிருப்போ அதற்குக் கூலி தருவதில்லை. சரக்கு லாரிகளை நிறுத்திய மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் 2017இல் ஜி.எஸ்.டி.யோடு அகன்றன. பொருள் தடையின்றிப் போகிறது. அதைச் சுமந்து செல்பவர்தான் நிற்கிறார்.

இனிச் சட்டம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செயலியில் ஏறும் பதிவுக்குப் பொருந்தும். காகிதப் பதிவேட்டுக்கு, அது கணினியில் ஏற்றப்பட்டாலன்றி, பொருந்தாது. ஒப்புதல் பெறும் அறிவிப்பில் எந்தத் தகவல், எதற்காக என்பது சொல்லப்பட வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே தமிழில் கேட்பது சலுகை கோருவதன்று. தேவைக்கு மிஞ்சிய தகவலுக்கு ஒப்புதல் பெற முடியாது. நோக்கம் முடிந்ததும் அழிக்கவேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. வேலை தொடர்பான சில காரியங்களுக்கு ஒப்புதல் இன்றியே தகவலைப் பயன்படுத்தலாம் என்ற விலக்கும் வேலையளிப்பவருக்கு உண்டு. சம்பளம் தருவது வீட்டுக்காரர். குடியிருப்போர் சங்கம் அன்று. எனவே அந்த விலக்கைச் சங்கம் கோர முடியாது என்று வாதிட இடமிருக்கிறது.

ஆதார் நகலை மட்டும் உடனே மறுக்கலாம். தனியார் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க வழிவிட்ட பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்கவில்லை. பிந்தைய திருத்தமும் விருப்பத்தின் பேரில் காட்டுவதையே அனுமதிக்கிறது. வாக்காளர் அட்டை போதும். ஆதாரையே காட்ட நேர்ந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் காட்டலாம்.

வீட்டு வேலைத் தொழிலாளருக்கெனத் தனி மத்தியச் சட்டம் இன்றும் இல்லை. அதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டு வேலையாளர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை 2011 முதல் இந்தியா ஏற்காமலே இருக்கிறது.

இந்த மண்ணில் வாயில் பற்றிப் பேசும்போது அய்யன்காளி நினைவுக்கு வராமல் போகார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரிலிருந்து 1893இல் அவர் வில்வண்டி ஓட்டினார். தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டினார். அதை இதனோடு முற்றிலும் ஒப்பிடுவது சரியாகாது. அது பொதுச்சாலை, இது தனியார் வளாகம். அன்று நுழையாதே என்றார்கள். இன்று நுழைந்து வேலைசெய், ஆனால் உன் பெயரை எங்களிடம் விட்டுப் போ என்கிறார்கள்.

ஆகவே கோரிக்கையைக் குறுக்கி வைப்பதே நல்லது. நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் மாதந்தோறும் தொழிலாளிக்கும் தரப்பட வேண்டும். ஊதியத் தகராறில் அதுவே அவர் கையில் ஆவணம். எழுத்தில் காரணம் சொல்லி, அவர் விளக்கத்தைக் கேட்காமல், வளாகத் தடை விதிக்கக் கூடாது. இவ்விரண்டையும் தனியொருவர் காவலாளியிடம் கேட்டுப் பயனில்லை. காவலாளியும் ஒப்பந்தக் கூலிதான். ஒரே வளாகத்தில் வேலை செய்வோர் பெயரெழுதிக் கையொப்பமிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். ரயிலில் ஒரே பெட்டியில் வருபவர்கள்தான் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்கும் போகிறார்கள். கையொப்பங்களைப் பாறசாலை நிலையத்திலிருந்தே தொடங்கலாம்.