நெருங்குதலும் அடைதலும்

பதினெட்டாவது பிறந்த நாளுக்கு முந்திய நாளில் ஓர் இளைஞனுக்கு நிறைந்த வயது 17தான். மறுநாள் அது 18 ஆகிவிடுகிறது. இவ்வழக்கைக் கணிதமும் மேற்கொண்டிருக்கிறது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு மேற்படாத மிகப் பெரிய முழு எண்ணைத் தரும் சார்பு ஒன்று உண்டு. அதனை f என்று குறிப்போம். 0.999 கொடுத்தால் 0 வரும். 1 கொடுத்தாலும் 1.001 கொடுத்தாலும் 1 வரும். ஆதலின் 1-ஐ இடப்புறமிருந்து நெருங்கினால் f-இன் எல்லை 0. வலப்புறமிருந்து நெருங்கினால் 1. இரண்டும் வேறுபடுவதால் அவ்விடத்தில் f-க்கு எல்லையே இல்லை என்கிறோம்.

இனி f-க்குள் மற்றொரு சார்பை இடுவோம். அது g(x) = 1 − x² என்க. x ஆனது 0-ஐ நெருங்கும்போது g 1-ஐ நெருங்குகிறது. f(g(x))-இன் எல்லை யாது?

"1-இல் f-க்கு எல்லை இல்லை; ஆகவே இதற்கும் இல்லை" என்று விடையெழுதும் மாணவர் பலர். "g-இன் எல்லை 1; f(1) = 1; ஆகவே விடை 1" என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. x-க்கு 0.1 என்றோ −0.1 என்றோ இட்டுப் பார்ப்போம். g 0.99 ஆகிறது, f 0 ஆகிறது. 0.01 இட்டால் g 0.9999, f அப்போதும் 0தான். x எப்புறமிருந்து வந்தாலும் g மட்டும் இடப்புறமிருந்தே 1-ஐ நெருங்குகிறது. f-இன் வலப்புறத்து மதிப்பு இங்கே தலைகாட்டுவதே இல்லை. எனவே எல்லை 0. x சரியாக 0 ஆகும்போது மதிப்பு 1 என்பது உண்மையே. ஆயினும் எல்லையைக் காணும்போது அப்புள்ளியை நாம் கணக்கில் கொள்வதில்லை.

அப்படியானால் உட்சார்பு ஒருபோதும் 1-ஐத் தாண்டாதிருந்தால் போதுமா? போதாது. இடர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. g(x) = 1 − x² sin²(1/x) என்னும் சார்பைக் காண்க. இதுவும் 1-ஐ நெருங்குகிறது. 1-ஐ மிஞ்சுவதும் இல்லை. ஆனால் x = 1/π, 1/2π, 1/3π என வரும் இடங்களிலெல்லாம் சைன் 0 ஆகிவிடுகிறது; g சரியாக 1-ஐத் தொட்டுவிடுகிறது. அவ்விடங்களில் f 1. அவற்றின் இடையிலெல்லாம் 0. 0-க்கு எவ்வளவு அருகில் சென்றாலும் இத்தகைய இடங்கள் எண்ணிறந்தன. ஆகவே எல்லை இல்லை.

மொழிபெயர்ப்பில் 'நெருங்கும்' என்பதற்கு 'அடையும்' என்று எழுதிவிடுவது நமக்கு எளிது. கணிதத்திலோ அவ்வொரு சொல்லால் விடையே மாறிவிடும். ஒருபக்க எல்லையைப் பயன்படுத்துமுன், 0-ஐ ஒட்டிய ஏதேனும் ஒரு சிறு இடைவெளியில், 0 நீங்கலாக, g எங்கும் 1-க்குக் குறைவாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்சார்பு 1-இல் தொடர்ச்சியுடையதாயின் இக்கவலை வேண்டா. தொட்டாலும் தொடாவிட்டாலும் விடை ஒன்றே.