எத்தனை கிலோ மாவு விற்றால் கடன் அடையும்?

புனே காசார்வாடியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க நினைக்கும் ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். பெரிய கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்கிவிடலாம். ஆனால், வங்கிக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும்.

ஒரு கிலோ மாவு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து 45 ரூபாய். மிச்சம் 25. மாதத் தவணை, 12 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு, சுமார் 2,350. பெட்ரோல், ரிப்பேருக்கு 1,400. உங்கள் உழைப்புக்கு 6,000. இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது தவறு. மொத்தம் 9,750. அதை 25-ஆல் வகுத்தால் 390 கிலோ. அதாவது தினம் 13 கிலோ விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும்.

பத்துக் கிலோவில் ஒரு கிலோ புளித்து வீணானால் விற்க வேண்டியது 16 கிலோவைத் தாண்டும். புனேயின் டிசம்பர் குளிரில் மாவு பொங்கத் தாமதமாகும். அன்றைய வாடிக்கையும் தவறும்.

அதனால், வீட்டு கிரைண்டரிலேயே ஒரு மாதம் அரைத்து விற்றுப் பாருங்கள். மறுபடி கேட்டு வருபவர்களை மட்டும் எண்ணுங்கள். அவர்கள் வாங்குவது தினம் ஏழெட்டுக் கிலோவைத் தாண்டவில்லையென்றால், இப்போதைக்குக் கடன் வேண்டாம்.